மையத்தில் தேங்கும் நீர்: ஓ.சி.டி. ஸ்கேனில் விழித்திரையைப் படிப்பது எப்படி?

“கண் நரம்புல நீர் கோத்திருக்கு.” சர்க்கரை நோயாளிகள் கண் மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சொல்லி முடித்ததும் கையில் ஒரு வண்ணத் தாளைத் தருவார்கள். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஒரு வட்டப் படம் இருக்கும். வட்டத்தின் நடுவில் 468 என்பது போல ஓர் எண் இருக்கும். அதன் கீழே, அல்லது பக்கத்தில், அலை அலையாகக் கோடுகள் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெரும்பாலானவர்கள் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். “போன தடவை 468, இந்தத் தடவை 318. குறைஞ்சிருக்கு” என்று உறவினர்களிடம் சொல்கிறார்கள்.

அந்த எண் தேவையானதுதான். ஆனால் ஊசி போட வேண்டுமா, போட்டால் பார்வை எவ்வளவு திரும்பும், எண்ணையே நம்பலாமா என்ற கேள்விகளுக்கு விடை அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. எந்தக் கோடு எது, நீர் எந்த நிறத்தில் தெரியும் என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

முதலில் இந்த நீர் எது என்று பார்ப்போம். இது கண்ணீர் அல்ல. கண் அழுத்த நோயில் பேசப்படும் நீரும் அல்ல. கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அதன் நடுவில் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் இந்தச் சிறிய இடத்தின் வேலை. மாக்குலாவின் நடுவில் ஃபோவியா என்ற ஒரு சிறு குழி இருக்கிறது. வெளிச்சம் தடையில்லாமல் கூம்புச் செல்களில் போய் விழ வேண்டும் என்பதற்காக, அந்தக் குழியில் மற்ற அடுக்குகள் ஓரமாக ஒதுங்கிக்கொள்கின்றன. குழியின் நடுவே ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கு ரத்தக் குழாய்கூடக் கிடையாது.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடிக்கும்போது விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. குழாய்ச் சுவர் பலவீனமாகிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடங்கள் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது குழாய்களை இன்னும் கசிய வைக்கிறது. நீரும் புரதமும் கொழுப்பும் விழித்திரைக்குள் இறங்குகின்றன. ஆரோக்கியமான கண்ணில் முல்லர் செல்களும், விழித்திரையின் அடியில் இருக்கும் நிறமி அடுக்கும் இரவு பகலாக நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கசிவு அந்த வெளியேற்றத்தை மிஞ்சும் நாளில் நீர் தேங்கத் தொடங்குகிறது. மாக்குலா வீக்கம் என்பது இதுதான். வலி இருக்காது, கண் சிவக்காது. அதனால்தான் பலருக்குத் தாமதமாகத் தெரிய வருகிறது.

இந்த வீக்கத்தை மருத்துவர்கள் முன்பும் லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் நீர் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை நேரில் பார்க்க வழி இல்லை. உயிருள்ள கண்ணின் விழித்திரையை வெட்டிப் பார்க்க முடியாதே. 1991-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் உள்ளிட்டோர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளியை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்புவதை வைத்து வெட்டாமலே குறுக்குவெட்டுப் படம் எடுக்கலாம் என்று அதில் காட்டினார்கள். பலாப்பழத்தை அறுக்காமல் தட்டிப் பார்த்து உள்ளே பழுத்திருக்கிறதா என்று சொல்வார்களே, அதையே ஒளியைக் கொண்டு செய்வதுபோல. இந்த மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஒளியைக் கொண்டு ‘தட்டுவதில்’ ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. விழித்திரையின் ஓர் அடுக்கிலிருந்தும் அடுத்த அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளிக்கு இடையிலுள்ள கால வித்தியாசத்தை எந்தக் கடிகாரத்தாலும் நேரடியாக அளக்க முடியாது. அதனால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி கண்ணுக்குள் போகிறது. மறு பாதி கருவிக்குள் இருக்கும் ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் கடந்து வந்த தூரம் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் அவை சேரும்போது குறுக்கீட்டு வடிவம் உண்டாகும். அந்தக் குறுக்கீட்டை அலசி, ஒளி எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பியது என்று கருவி கணக்கிடுகிறது. தொடக்கக் காலக் கருவிகள் நொடிக்குச் சில நூறு இடங்களைத்தான் இப்படிப் பார்த்தன. இன்றைய கருவிகள் நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் பார்க்கின்றன. ஐந்து முதல் ஏழு மைக்ரான் வரை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நோயாளி செய்ய வேண்டியது மிகக் குறைவு. தாடையையும் நெற்றியையும் கருவியில் பதித்து, உள்ளே தெரியும் சிறு புள்ளியையோ சிலுவைக் குறியையோ பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சில நொடிகளில் முடிந்துவிடும். எதுவும் கண்ணைத் தொடாது; எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது.

இனி அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் கறுப்பு வெளி, கண்ணை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் கூழ். அதற்குக் கீழே விழித்திரை தொடங்குகிறது. முதலில் ஒரு பளிச்சென்ற பட்டை. அது மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள். பிறகு சாம்பலும் கறுப்புமாக மாறி மாறிச் சில பட்டைகள் வரும். செல்களின் உட்கருக்கள் நெருங்கியிருக்கும் அடுக்குகள் ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் கறுத்துத் தெரியும். செல்களின் கிளைகள் ஒன்றோடொன்று இணையும் அடுக்குகள் வெளுத்துத் தெரியும். அடியில் சில பளிச்சென்ற கோடுகள் நெருக்கமாக ஓடும். அவற்றில் மேலே இருப்பவற்றுள் ஒன்று எலிப்சாய்டு கோடு. கூம்புச் செல்களும் குச்சிச் செல்களும் உயிர்ப்போடு இருக்கின்றனவா என்பதற்கு அதுவே அடையாளம். அடியில் தடித்து ஓடுவது நிறமி அடுக்கு. நல்ல கண்ணில் மேலே இருக்கும் பட்டைகள் நடுப்பகுதியை நெருங்கும்போது மெலிந்து, ஃபோவியாவில் அழகான ஒரு பள்ளமாக இறங்கி மறுபுறம் ஏறும்.

தெளிந்த நீர் ஒளியைத் திருப்பாது. ஆகவே நீர் எங்கே நின்றாலும் படத்தில் கறுப்பாகவே தெரியும். ஸ்கேனைப் படிப்பதில் இதைவிடப் பயன்படும் விதி வேறில்லை.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். மருத்துவமனைகளுக்கு வழக்கமாக வரும் நோயாளிகளின் நிலையை ஒட்டி, 57 வயதுள்ள ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. கடையில் கணக்கு நோட்டைப் பார்க்கும்போது தற்செயலாக இடது கண்ணில் தூசி விழ, அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்திருக்கிறார். நோட்டின் கோடுகள் நடுவில் வளைந்தன, எழுத்துகள் மங்கின. இரு கண்களையும் திறந்து வைத்திருந்தவரை நல்ல கண் மற்றக் கண்ணின் குறையை மறைத்துக்கொண்டிருந்தது.

சோதனையில் வலது கண் பார்வை 6/24, இடது கண் 6/6. வலது கண்ணின் ஸ்கேனில் ஃபோவியாவின் பள்ளத்தையே காணோம்; அந்த இடம் மேடாக உப்பியிருக்கிறது. மேட்டுக்குள் மெல்லிய சுவர்களால் பிரிக்கப்பட்ட கறுப்பு அறைகள். இவை விழித்திரையின் நடு அடுக்குகளில் நீர் கட்டியிருக்கும் பைகள். அவற்றுக்கும் அடியில், எலிப்சாய்டு கோட்டுக்கும் நிறமி அடுக்குக்கும் இடையே, லென்ஸ் வடிவில் ஒரு கறுப்புக் கீற்று. விழித்திரை தன் அடித்தளத்தை விட்டுச் சற்றே தூக்கப்பட்டு, அந்த இடைவெளியில் நீர் நிற்கிறது. ஓரத்தில் சில வெண்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நேர்க்கோடாக ஒரு நிழல். அவை கசிந்த கொழுப்பு உறைந்த படிவுகள். ஒளி அவற்றைத் தாண்டிப் போகாததால் அடியில் நிழல் விழுகிறது. அந்த நிழலை நீர் என்று நினைத்துவிடக் கூடாது. நீர்ப்பைக்கு உருண்ட எல்லை இருக்கும். நிழல் படத்தின் அடி வரை பட்டையாக இறங்கும்.

அறிக்கையில் CST அல்லது CMT என்று அச்சிட்டு அதன் பக்கத்தில் இருப்பதுதான் நடுப்பகுதியின் தடிமன். ஃபோவியாவை மையமாக வைத்து ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் வரையப்படும் வட்டத்துக்குள் விழித்திரையின் சராசரித் தடிமன் அது. கடைக்காரரின் வலது கண்ணில் 468 மைக்ரான். அவருக்கு ஸ்கேன் எடுத்த ஸ்பெக்ட்ராலிஸ் வகைக் கருவியில் ஆண்களுக்கு 320, பெண்களுக்கு 305 மைக்ரானைத் தாண்டினால் மையத்தில் வீக்கம் என்று ஆய்வுகளில் கணக்கிடுகிறார்கள்.

இடது கண்ணிலும் நீர் இருந்தது. ஆனால் அது மையத்திலிருந்து தள்ளி, வெளி வட்டத்தில். மையம் 276 மைக்ரான், பள்ளம் அப்படியே இருக்கிறது. “அந்தக் கண்ணுக்கும் ஊசி போட்றலாமா டாக்டர்?” என்று அவர் கேட்பது இயல்பு. “வேண்டாம்ங்க. நடுவுல நீர் வரல, பார்வையும் நல்லா இருக்கு. சர்க்கரையையும் பிரஷரையும் பிடிச்சு வைங்க, நாலு மாசத்துல மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்” என்பதே சரியான பதில். மையத்திலேயே நீர் இருந்தும் பார்வை ஏறத்தாழ முழுமையாக இருக்கும் கண்களைப் பற்றி 2019-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 702 பேர் பங்கேற்றனர். உடனே ஊசி போட்டவர்கள், லேசர் செய்துகொண்டவர்கள், கவனமாகக் கண்காணித்துப் பார்வை குறைந்தால் மட்டும் ஊசி போட்டவர்கள் என மூன்று பிரிவு. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்வை குறைந்தோரின் விகிதம் மூன்று பிரிவிலும் பெரிதாக வேறுபடவில்லை. ‘கவனமாகக் கண்காணித்து’ என்ற சொற்கள் முக்கியம். நல்ல பார்வை இருக்கிறது என்று வராமலே இருந்துவிடுவதற்கு இந்த ஆய்வு அனுமதி தரவில்லை.

வலது கண்ணுக்கு ஊசி. வி.ஈ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகிய மருந்துகளில் ஒன்று. கண்ணை மரக்கச் செய்து, கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, மிகச் சிறிய அளவு மருந்தைச் செலுத்துவார்கள். முதல் மாதங்களில் மாதம் ஒன்று. மூன்று ஊசிக்குப் பிறகு கடைக்காரரின் ஸ்கேனில் அடியிலிருந்த லென்ஸ் வடிவக் கறுப்புக் கீற்று இல்லை. நடு அடுக்கில் மட்டும் இரண்டு மூன்று சிறு பைகள் மிச்சம். பள்ளம் திரும்பத் தெரிகிறது. தடிமன் 318, பார்வை 6/12.

இந்த இடத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். பார்வை தெளிந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்து வருவதை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து சில வாரங்கள்தான் வேலை செய்யும். கசியும் குழாய் அப்படியேதான் இருக்கிறது. நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் பழைய பைகள் மீண்டும் பெருத்து, தடிமன் 421 ஆகிவிட்டது என்றால் அது மருந்தின் தோல்வி அல்ல. விட்ட ஊசிகளின் விளைவு.

எண் எப்போது ஏமாற்றும்? முதலாவது, கருவி மாறும்போது. விழித்திரையின் அடி எல்லை எது என்பதில் கருவிகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஒன்று நிறமி அடுக்கு வரை அளக்கும். இன்னொன்று அதற்கும் கீழேயுள்ள சவ்வு வரை அளக்கும். பழைய கருவிகள் இன்னும் மேலேயே நிறுத்திக்கொண்டன. சிர்ரஸ் என்ற கருவியில் ஆண்களுக்கு வரம்பு 305, பெண்களுக்கு 290. ஆகவே ஓர் ஊரில் 318 என்றும் இன்னோர் ஊரில் 300 என்றும் வந்தால் நீர் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே கருவியில் எடுத்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, கருவி கோடு போடுவதில் தவறும்போது. தடிமனைக் கணக்கிட, கணினி விழித்திரையின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் தானாகவே இரண்டு கோடுகள் வரைகிறது. கண்புரை முற்றியிருந்தாலோ, கண் வறண்டிருந்தாலோ, நோயாளி நடுவில் கண் சிமிட்டினாலோ படம் மங்கிவிடும். பெரிய நீர்ப்பை இருந்தால் அதன் சுவரையே விழித்திரையின் எல்லை என்று கணினி நினைத்துவிடும். கீழ்க் கோடு பையின் குறுக்கே ஓடினால், 450 மைக்ரான் வீங்கிய கண்ணுக்கு 200-க்குக் கீழே ஓர் எண் வந்து, வண்ணப் படமும் நீலமாகிவிடும். பார்க்கிறவருக்கு ‘வீக்கமே இல்லை’ என்று தோன்றும். நோயாளி நேராகப் பார்க்காமல் விலகிப் பார்த்தாலும் வட்டம் ஃபோவியாவை விட்டு நகர்ந்துவிடும். எண் வேறு இடத்தின் எண்ணாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சாகியிருக்கும் வண்ணக் கோடுகள் விழித்திரையின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் ஒட்டி ஓடுகின்றனவா என்று பார்த்தால் போதும். Signal Strength என்ற இடத்தில் 10-க்கு 6-க்கும் குறைவாக இருந்தாலும் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

மூன்றாவது ஏமாற்றம் மனதுக்கு மிகவும் கஷ்டமானது. தடிமன் 260-க்கு வந்துவிட்டது, நீர் முழுவதும் வற்றிவிட்டது, ஆனால் பார்வை 6/36-லேயே நிற்கிறது. நோயாளி மருத்துவரைச் சந்தேகிப்பார். அதற்கான காரணமும் படத்திலேயே இருக்கும். எலிப்சாய்டு கோடு மையத்தில் அறுந்து அறுந்து தெரியும், அல்லது அங்கே இருக்கவே இருக்காது. மேலடுக்குகளின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாத சாம்பல் நிறக் குழப்பமாகக் கிடக்கும். ஒளியை உணரும் செல்களும் அவற்றின் இணைப்புகளும் நீண்ட நாள் நீரில் ஊறி, ரத்த ஓட்டமும் குறைந்து சிதைந்துவிட்டன என்பதற்கான அடையாளம் இது. மெலிந்த விழித்திரை எல்லாம் நலமான விழித்திரை அல்ல. நீரை வற்றவைக்க மருந்து உண்டு. அறுந்த அடுக்கைத் திரும்பத் தைக்க இன்று மருந்து இல்லை. தடிமனுக்கும் பார்வைக்கும் உள்ள தொடர்பு ஓரளவுக்குத்தான் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். 468 என்ற எண்ணோடு வந்த கடைக்காரரின் எலிப்சாய்டு கோடு ஏறத்தாழ முழுதாக இருந்தது. அதனால்தான் நீர் இறங்கியதும் பார்வையும் ஏறியது.

படத்தில் தெரியும் கறுப்பு எல்லாம் சர்க்கரையின் வேலையும் அல்ல. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் மையத்தில் நீர் கட்டுவதுண்டு. பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அது வடிந்துவிடும். வயதானவர்களில் நிறமி அடுக்கே கீழிருந்து மேடாகத் தூக்கப்பட்டிருந்தால், அடியிலுள்ள கோராய்டு படலத்திலிருந்து புதிய குழாய் முளைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். விழித்திரையின்மேல் ஒரு பளிச்சென்ற சவ்வு இறுகப் படர்ந்து அதைச் சுருக்கிப் பிடித்திருந்தாலோ, விட்ரியஸ் கூழ் ஃபோவியாவைப் பற்றி மேலே இழுத்துக்கொண்டிருந்தாலோ, அந்த வீக்கம் இழுவையால் வருவது. ஊசிமேல் ஊசி போட்டாலும் அது முழுதாக வற்றாது. சிலருக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. மூன்று நான்கு ஊசிக்குப் பிறகும் எண் அசையவில்லை என்றால், விழித்திரையின் மேல்விளிம்பை மருத்துவர் மறுபடி உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஓ.சி.டி.யால் முடியாததும் உண்டு. நிற்கும் நீரை அது காட்டும். எந்தக் குழாயிலிருந்து கசிகிறது என்பதைக் காட்டாது. அதற்குக் கையில் சாய ஊசி போட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் சில வேளைகளில் தேவைப்படும். மாக்குலாவை மட்டும் எடுக்கும் ஸ்கேன், ஓரங்களில் உண்டாகும் ரத்தக் கசிவையோ புதிய குழாய்களையோ பார்க்காது. ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் கண் முழுவதும் நார்மல் என்று பொருள் அல்ல. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு முழு விழித்திரையையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் பாப்பா விரித்த சோதனைக்கு அழைத்துப் போங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தத் தாள்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்தவரை அதே கருவியில் எடுங்கள். மருத்துவரிடம் எண்ணை மட்டும் கேட்காமல், “நீர் எந்த அடுக்குல இருக்கு? அடிக்கோடு அறுந்திருக்கா?” என்றும் கேளுங்கள்.